“வீட்டில் யாராவது எடுத்தார்களா?” – கொதித்துப்போன ஒரு வாடிக்கையாளருக்கு எழுதிய பதிலின் முதல் வரிகள்

மளிகைக் கடை நடத்தும் ஒருவர், ஜூன் 3 மாலை இன்னொரு வங்கியின் ஏ.டி.எம்.முக்குத் தன் அட்டையோடு 10,000 ரூபாய் எடுக்கப் போனார். உள்ளே நோட்டு எண்ணும் சத்தம் கேட்டது. பணம் வெளியே வரவில்லை. கணக்கிலிருந்து 10,000 ரூபாய் கழிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி மட்டும் வந்தது. அவருடைய கணக்கு இருந்த வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவில் நான் வேலை பார்க்கிறேன். ஜூன் 19 இரவு அவர் அனுப்பிய மின்னஞ்சல் மறுநாள் காலை எங்கள் மேசைக்கு வந்தபோது, அதன் தலைப்பு “பணம் திருடும் வங்கி” என்றிருந்தது. அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதியதைப் பற்றியது இந்த ஆய்வு. வாடிக்கையாளரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதங்களின் வாசகங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

நடந்தது என்ன

முதலில் அந்த இரண்டரை வாரக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பணம் வராத அன்றிரவே அவர் தொலைபேசியில் புகார் பதிந்தார். அட்டை ஒரு வங்கியுடையது, இயந்திரம் இன்னொரு வங்கியுடையது என்றால், அட்டை கொடுத்த வங்கி இயந்திரத்தின் சொந்தக்கார வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கோர வேண்டும். இதை நாங்கள் ‘சார்ஜ்பேக்’ என்போம். அந்த வங்கி, இயந்திரம் தானாகவே எழுதிவைக்கும் மின்னணுப் பதிவைப் பார்த்துவிட்டு, “பணம் வழங்கப்பட்டுவிட்டது” என்று கோரிக்கையைத் திருப்பி அனுப்பியது. ஜூன் 14 அன்று எங்கள் கணினி அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியது: “உங்கள் புகார் ஆய்வு செய்யப்பட்டது. பரிவர்த்தனை வெற்றிகரமானது. புகார் முடிக்கப்பட்டது.”

இயந்திரத்தின் பதிவு பொய் சொல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பதிவு சொல்வது இயந்திரத்துக்குக் கிடைத்த கட்டளைகளையும் உணரிகள் தந்த தகவலையும்தான். நோட்டுக்கட்டு வாசல்வரை வந்து சிக்கிக்கொண்டாலும், உணரி அதைக் கவனிக்கத் தவறினால், பதிவில் ‘வழங்கப்பட்டது’ என்றே விழும். உண்மையைச் சொல்லக்கூடியவை வேறு இரண்டு: அறையில் உள்ள சி.சி.டி.வி. காட்சி, பிறகு இயந்திரத்தைத் திறந்து பணத்தை எண்ணும்போது கணக்கைவிடக் கூடுதலாகப் பணம் இருக்கிறதா என்பது. ஜூன் 14 வரை இந்த இரண்டையும் யாரும் கேட்கவே இல்லை.

ஜூன் 16 அன்று அவர் தன் மகனுடன் கிளைக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்தார். 18-ஆம் தேதி கிளையிலிருந்து எழுத்தில் பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு மறுநாள் இரவு அவர் எழுதியதுதான் எங்களுக்கு வந்த மின்னஞ்சல். வங்கித் தலைவர் அலுவலகம், ரிசர்வ் வங்கியின் புகார் முகவரி, ஒரு செய்தித்தாள் என்று எல்லோருக்கும் நகல் போட்டிருந்தார்.

கிளையின் பதில் ஏன் எரியவிட்டது

கிளை அனுப்பிய பதிலின் முதல் பத்தி இது:

“மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்களின் மேற்காணும் புகார் தொடர்பாக, பரிவர்த்தனை வெற்றிகரமாக நிறைவேறியதாகப் பதிவேடுகள் காட்டுகின்றன என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். இதனால் தங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருப்பின் அதற்காக வருந்துகிறோம். வாடிக்கையாளரின் மனநிறைவே எங்கள் முதன்மை நோக்கம்.”

எழுதியவர் மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆனாலும் படிப்பவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் பெயரோடு எழுதியிருக்கிறார்; பதில் ‘வாடிக்கையாளரே’ என்று தொடங்குகிறது. பணம் கைக்கு வரவில்லை என்கிறார். ‘வெற்றிகரமாக நிறைவேறியது’ என்கிறது முதல் வாக்கியம். கணினிக்கு அது ஒரு குறியீடு. அவருக்கோ, நீ பொய் சொல்கிறாய் என்று மரியாதையாகச் சொல்லப்பட்ட வாக்கியம். பத்தாயிரம் ரூபாய் போய்விட்டது என்று எழுதியவரிடம் ‘ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருப்பின்’ என்று ஐயத்தோடு வருந்துவது, அந்தச் சிரமம் இருந்ததா என்பதையே அவர் நிரூபிக்க வேண்டும் என்று கேட்பதாகிவிடுகிறது. அதற்கு மேல் மனநிறைவைப் பற்றிய வாக்கியம் வரும்போது, அவர் கையில் இருந்த கொஞ்சப் பொறுமையும் போயிருக்கும்.

இந்த மூன்று வாக்கியங்களும் அலுவலகங்களில் பல ஆண்டுகளாகப் புழங்கும் படிவத்திலிருந்து வந்தவை. படிவம் எழுதியவர்கள் வாடிக்கையாளரை நினைத்து எழுதவில்லை. நாளை இந்தக் கடிதத்தைத் தணிக்கையில் பார்க்கப்போகும் அதிகாரியை நினைத்து எழுதினார்கள். கோபத்தோடு இருப்பவர் இதை உடனே மோப்பம் பிடித்துவிடுகிறார்.

கோபம் எங்கே உட்கார்ந்திருக்கிறது

ஜூன் 19 இரவு அவர் அனுப்பிய மின்னஞ்சல் நீளமானது. நிறுத்தற்குறி இல்லாமல் கைபேசியில் ஒரே மூச்சில் தட்டியது. பணத்தைப் பற்றி, சட்டத்தைப் பற்றி, பெரிய கடன்காரர்களை வங்கி விட்டுவிடுவதைப் பற்றி, வழக்குப் போடப்போவதைப் பற்றி வரிசையாக எழுதியிருந்தார். நடுவில் இப்படி ஒன்று கிடந்தது: “உங்கள் ஆள் என் பையன் பக்கத்தில் நிற்கும்போதே வீட்டில் யாராவது எடுத்தார்களா பாருங்கள் என்கிறார் அன்றைக்கு ஏ.டி.எம்.முக்கு என்னோடு வந்தவன் அவன்தான்.” அதற்கடுத்த வரியிலேயே மறுபடி பணத்துக்குப் போய்விட்டார்.

என் கணிப்பில், பதிலின் முதல் வரி எங்கே தொடங்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. சொற்களைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகு வருகிறது. கோபக் கடிதத்தில் அதிக இடம் எடுத்துக்கொள்ளும் விஷயமும் மிகவும் வலித்த விஷயமும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணக் கூடாது. வலித்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் சில உண்டு. மற்றவர் சொன்னதை அப்படியே, சொல் மாறாமல் எடுத்து எழுதியிருக்கும் இடம் ஒன்று. அந்த வாக்கியம் அவர் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். காசு கொடுத்தால் சரியாகிவிடாத விஷயம் வருகிற இடம் இன்னொன்று. இந்தக் கடிதத்தில் இரண்டும் ஒரே வரியில் இருந்தன. பையன்தான் அட்டையைச் செருகி எண்களை அழுத்தியவன் என்பது பின்னால் தொலைபேசியில் பேசியபோது தெரியவந்தது. கிளை ஊழியர் யதார்த்தமாகச் சொன்ன வார்த்தை, அப்பாவுக்கு எதிரிலேயே மகனைத் திருடனாக்கிவிட்டது.

பணத்தில் தொடங்கியிருந்தால் எங்கள் பதில் அவருக்கு இன்னொரு கிளைக் கடிதமாகவே தெரிந்திருக்கும். அதுவும் எங்களிடம் அப்போது கொடுக்கப் பணமும் இல்லை, முடிவும் இல்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: ஒரு நல்ல செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு கோபத்தைத் தணிப்பது எளிது. கையில் ஒன்றும் இல்லாத நிலையில் எழுதப்பட்டது என்பதால்தான் இந்தக் கடிதத்தைப் பற்றி எழுதுகிறேன்.

முதல் வரைவும் அதில் வெட்டியவையும்

எங்கள் பிரிவில் ஒருவர் எழுதிய முதல் வரைவு இப்படித் தொடங்கியது: “தங்கள் கோபத்தையும் மனவேதனையையும் முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்.” கனிவோடு எழுதப்பட்ட வரிதான். ஆனால் இதில் இரண்டு கோளாறுகள். முதலாவது, எதைப் புரிந்துகொண்டோம் என்று அது சொல்லவில்லை. எந்தக் கடிதத்துக்கும் இதையே ஒட்டலாம். இரண்டாவது, அவருடைய கோபத்தை எடுத்துப் பேசும்போது பிரச்சினை எங்கள் கிளையில் நடந்ததிலிருந்து அவருடைய மனநிலைக்கு மாறிவிடுகிறது. ‘கோபம்’ என்ற சொல்லே பதிலில் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அடுத்த தடை உள்ளிருந்தே வந்தது. சட்டப் பிரிவில் இருந்தவர், “மேடம், மன்னிப்புக் கேட்டால் பணம் வரவில்லை என்பதை நாம் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா? நாளைக்கு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் முன்னால் இந்தக் கடிதத்தைத்தான் காட்டுவார்” என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்குப் பயந்துதான் எல்லாப் படிவங்களிலும் ‘ஏற்பட்டிருப்பின்’ நுழைகிறது. அவருக்கு நான் சொன்ன விடை இது: பணம் வந்ததா வரவில்லையா என்பது இன்னும் தெரியாது. ஆனால் ஆதாரம் இல்லாமல் வீட்டாரைச் சந்தேகப்பட்டுப் பேசியது தவறு என்பதும், கேமராக் காட்சியைக் கேட்காமலே புகாரை முடித்தது தவறு என்பதும் பணம் எங்கே இருந்தாலும் மாறாது. அந்த இரண்டுக்கும் மட்டும் மன்னிப்புக் கேட்போம், நிபந்தனை இல்லாமல்.

இதிலிருந்து எங்களுக்கு ஒரு சோதனை கிடைத்தது. தொடக்க வரிகளை எழுதி முடித்ததும், நாளை கேமராவில் அவர் பணத்தை எடுத்துப் பையில் வைப்பது தெரிகிறது என்று ஒருமுறை நினைத்துக்கொண்டு படித்தோம். பிறகு, பணம் இயந்திரத்துக்குள்ளேயே சிக்கியிருந்தது என்று நினைத்துக்கொண்டு படித்தோம். இரண்டு நிலையிலும் ஒரு சொல்லைக்கூடத் திரும்பப் பெறத் தேவையில்லை என்றால்தான் அந்த வரிகளை அனுப்பலாம். “உங்களுக்கு நேர்ந்த இழப்புக்கு வருந்துகிறோம்” என்பது இதில் தோற்றது, அதை எடுத்துவிட்டோம்.

எழுதுவதற்கு முன் கிளைக்குத் தொலைபேசி செய்து, அந்த ஊழியரிடமே கேட்டோம். அவர் மறைக்கவில்லை. “ஆமாம் மேடம், சொன்னேன். வீடுகளில் அப்படி நடப்பதும் உண்டு என்பதால் சொன்னேன்” என்றார். அவர் ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால் எங்கள் வாக்கியம் வேறு மாதிரி இருந்திருக்கும்: “இப்படிச் சொல்லப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊழியர் யாரும் இப்படிப் பேசக் கூடாது. அதை விசாரிக்கிறேன்.” இங்கே ஐயம் நிகழ்ச்சியின் மீது மட்டும் நிற்கிறது, அவர் பட்ட வலியின் மீது விழவில்லை. இந்த வேறுபாடு சிறியதாகத் தெரியும். ஆனால் ‘சிரமம் ஏற்பட்டிருப்பின்’ சுட்டதும் இது சுடாமல் இருப்பதும் இதனால்தான்.

அனுப்பிய பதில்

ஜூன் 20 பிற்பகல் போன பதிலின் தொடக்கம்:

“மதிப்பிற்குரிய ஐயா,

ஜூன் 16 அன்று எங்கள் கிளையில், உங்கள் மகன் பக்கத்தில் இருக்கும்போது, ‘வீட்டில் யாராவது எடுத்தார்களா பாருங்கள்’ என்று எங்கள் ஊழியர் சொன்னார். அப்படிச் சொல்ல எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. அது தவறு. உங்களிடமும் உங்கள் மகனிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

உங்கள் புகாரை ஜூன் 14 அன்று முடித்ததும் சரியல்ல; கேமராக் காட்சியைப் பார்க்காமல் முடித்திருக்கிறோம். இன்று காலை அதை மீண்டும் திறந்துவிட்டேன். ஜூன் 3 மாலையின் காட்சியையும், அந்த இயந்திரத்தில் பணம் எண்ணப்பட்ட கணக்கையும் இயந்திரத்தின் சொந்தக்கார வங்கியிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். அவர்கள் பதில் வந்தாலும் வராவிட்டாலும், ஜூன் 24 மாலை 5 மணிக்குள் நானே உங்களைத் தொலைபேசியில் அழைக்கிறேன்.”

ஐயா என்பதற்குப் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது; இங்கே விட்டிருக்கிறேன். முதல் வாக்கியத்தில் எங்கள் கருத்து எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் எழுதியதையே, அவர் சொற்களிலேயே, தேதியோடு திருப்பிச் சொல்கிறோம். ‘சொல்லப்பட்டது’ என்று எழுதாமல் ‘எங்கள் ஊழியர் சொன்னார்’ என்றோம். செய்தவர் இல்லாத வாக்கியம் ஒளிந்துகொள்வதற்கு வசதியானது. ‘அது தவறு’ என்று இரண்டே சொல்லில் தனி வாக்கியம். அதற்குப் பின் ‘ஆனால்’ வரவில்லை. அந்த ஊழியர் ஏன் அப்படிச் சொன்னார் என்ற விளக்கத்தைக் கடிதத்தில் எங்குமே சேர்க்கவில்லை. மன்னிப்புக்குப் பின்னால் வரும் விளக்கம், படிப்பவர் மனதில் மன்னிப்பை அழித்துவிடும்.

மன்னிப்புக் கேட்பது ‘நாங்கள்’. வேலையைச் செய்வது ‘நான்’. வங்கி முழுவதும் சேர்ந்து வருந்தலாம், ஆனால் தொலைபேசியில் அழைக்கப்போவது ஒரு ஆள். கடிதத்தின் அடியில் என் பெயரும் நேரடி எண்ணும் இருந்தன. பல மேசைகளில் முட்டி மோதி வந்தவருக்கு, இனி யாரைக் கேட்பது என்பது தெரிந்துவிட்டது.

24-ஆம் தேதி என்ற வாக்குறுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்னொரு வங்கி எப்போது காட்சியை அனுப்பும் என்பது எங்கள் கையில் இல்லை. ‘24-க்குள் தீர்வு’ என்று எழுதியிருந்தால், அது நடக்காத அன்று நிலைமை முன்னைவிட மோசமாகியிருக்கும். எங்கள் கையில் இருந்தது தொலைபேசி அழைப்பு ஒன்றுதான். ஆகவே அதை மட்டும் கொடுத்தோம். அதற்கு நாளும் நேரமும் குறித்தோம். ‘விரைவில்’ என்ற சொல்லை இப்படிப்பட்டவருக்கு எழுதக் கூடாது. அவர் அதைப் பலமுறை கேட்டுவிட்டார்.

கடிதத்தின் மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம். ரிசர்வ் வங்கியின் 20 செப்டம்பர் 2019 சுற்றறிக்கைப்படி, ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிக்கப்பட்டால், அடுத்த ஐந்து நாட்களுக்குள் அதைத் திருப்பி வரவு வைக்க வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. பணம் வரவில்லை என்று உறுதியானால் இந்தத் தொகையும் கேட்காமலே சேரும் என்று மூன்றாவது பத்தியில் எழுதினோம். புகார் செய்து 30 நாட்களுக்குள் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்ற தகவல் கடைசியில் இருந்தது. இந்த இரண்டையும் மேலே வைக்கலாமே என்று பேச்சு வந்தது. நான் மறுத்தேன். இழப்பீட்டில் தொடங்கினால் விலை பேசுவதுபோல் இருக்கும். குறைதீர்ப்பாளரில் தொடங்கினால் ‘போய்ப் பார்த்துக்கொள்’ என்பதுபோல் இருக்கும். இரண்டும் அவருடைய உரிமைகள் என்பதால் விட்டுவிடவும் முடியாது. இடம்தான் பிரச்சினை.

இன்னொரு நடைமுறைச் செய்தி. எங்கள் பதில்களின் தலையில் வழக்கமாகப் புகார் எண், பிரிவின் பெயர், ‘இந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்’ என்ற எச்சரிக்கை எல்லாம் வரும். கைபேசியின் திரையில் அறிவிப்பாகத் தெரிவது முதல் ஒன்றிரண்டு வரிகள்தான். அந்த இடத்தை எண்களும் எச்சரிக்கையும் பிடித்துக்கொண்டால், கடிதம் திறக்கப்படுவதற்கு முன்பே அது வழக்கமான பதில் என்று முடிவாகிவிடும். இந்தக் கடிதத்தில் புகார் எண்ணைக் கையெழுத்துக்குக் கீழே இறக்கினோம், எச்சரிக்கையை எடுத்தோம். அவருக்குத் திரையில் முதலில் தெரிந்தது ‘ஜூன் 16 அன்று எங்கள் கிளையில், உங்கள் மகன்’ என்பதுதான்.

தணிந்தது எப்படித் தெரிந்தது

அன்று இரவே பதில் வந்தது: “மேடம் கடிதம் பார்த்தேன். பையனிடமும் காட்டினேன். 24 வரை பார்க்கிறேன். கேமராவில் தெரியவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?”

நன்றி என்று எழுதவில்லை; எழுத வேண்டிய தேவையும் இல்லை. 24 வரை பார்க்கிறேன் என்பதில் எச்சரிக்கை இருக்கிறது. ஆனாலும் நிலைமை மாறிவிட்டது என்பதற்கு இந்த நான்கு வாக்கியங்களில் போதிய சான்று உண்டு. நகல் போட்டிருந்த முகவரிகள் ஒன்றுகூட இல்லை. கடிதம் சுருங்கிவிட்டது. எல்லாவற்றையும்விட, அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். முந்தைய மின்னஞ்சலிலும் கேள்விகள் நிறைய இருந்தன, ஆனால் அவற்றில் ஒன்றுக்கும் அவர் விடை எதிர்பார்க்கவில்லை. இந்தக் கேள்விக்கு எதிர்பார்க்கிறார். கோபமாக எழுதியவர் விடை தேவைப்படும் கேள்வியைக் கேட்கத் தொடங்கும்போது, பேச்சு மறுபடி பிரச்சினைக்குத் திரும்பிவிட்டது என்று கொள்ளலாம். அந்தக் கேள்விக்கு உடனே, நேராக விடை எழுதினோம்: காட்சியில் தெளிவில்லை என்றால் பண எண்ணிக்கைக் கணக்கை வைத்து மேல்முறையீட்டுக்குப் போவோம்.

24-ஆம் தேதி மதியம்வரை அந்த வங்கியிலிருந்து ஒன்றும் வரவில்லை. சொல்வதற்குச் செய்தி இல்லையே என்று அழைப்பைத் தள்ளிப்போடத் தோன்றும். முதல் வரிகள் சம்பாதித்துக் கொடுத்த நம்பிக்கை இங்கேதான் பெரும்பாலும் தொலைகிறது. நான்கு மணிக்கு அழைத்து, இன்னும் வரவில்லை, இன்று மீண்டும் எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். “சரிங்க மேடம், கூப்பிட்டீர்களே” என்றார். அன்றைய உரையாடலில்தான், எண்களை அழுத்தியவன் பையன் என்பதைச் சொன்னார்.

ஜூன் 27 அன்று பதில் வந்தது. இயந்திரத்தில் பணம் எண்ணியபோது கணக்கைவிட 10,000 ரூபாய் கூடுதலாக இருந்திருக்கிறது: இருபது ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். அன்றே வரவு வைத்தோம். ஜூன் 3-க்குப் பின் ஐந்து நாட்கள் என்றால் ஜூன் 8; அதிலிருந்து 27 வரை 19 நாட்கள்; இழப்பீடு 1,900 ரூபாய். அந்தக் கடிதத்தின் தொடக்கம் முற்றிலும் வேறு: “உங்கள் கணக்கில் இன்று 11,900 ரூபாய் வரவு வைத்திருக்கிறோம். பணம் இயந்திரத்துக்குள்ளேயே இருந்தது. நீங்களும் உங்கள் மகனும் சொன்னது சரி.” மன்னிப்பை மறுபடி எழுதவில்லை. ஒருமுறை சரியாகக் கேட்ட மன்னிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது படிவமாகிவிடும்.

எங்கே இது பலிக்காது

ஊழியரின் உயிருக்கோ குடும்பத்துக்கோ மிரட்டல் விடும் கடிதத்துக்கு இந்த முறை பொருந்தாது. அது வேறு பிரிவுக்குப் போக வேண்டியது. வெறும் வசவுக்கும் மிரட்டலுக்கும் இடையே கோடு இருக்கிறது. வசவை நாங்கள் பதிலில் தொடுவதே இல்லை. ‘பணம் திருடும் வங்கி’ என்ற தலைப்பையும் மாற்றாமல் அதன் கீழேயே பதில் அனுப்பினோம். தலைப்பை மாற்றினால் அவர் எழுதியதைத் துடைத்துவிட்டுப் பேசுவதுபோல் ஆகும்; அவர் தேடும்போது கடிதங்கள் ஒரே வரிசையில் கிடைக்கவும் கிடைக்காது.

எங்கள் பக்கம் தவறே இல்லாத புகார்களும் வரும். அங்கே மன்னிப்பைத் தேடிப் பிடித்து எழுதக் கூடாது. பொய் என்பது தெரிந்துவிடும். அவருக்கு நடந்ததைத் துல்லியமாகத் திருப்பிச் சொல்லும் முதல் வாக்கியமும், நாங்கள் என்ன பார்த்தோம் என்ற இரண்டாவது வாக்கியமும் போதும்.

கிளைகளின் பதில் படிவத்திலிருந்து ‘சிரமம் ஏற்பட்டிருப்பின்’ வரியை எடுத்துவிட்டார்கள். குறுஞ்செய்தியில் வரும் ‘பரிவர்த்தனை வெற்றிகரமானது’ மட்டும் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வாசகம் மென்பொருளில் இருக்கிறது. அதை “இயந்திரத்தின் பதிவு பணம் வந்ததாகக் காட்டுகிறது; நீங்கள் ஏற்கவில்லை என்றால் கேமராக் காட்சியைக் கேட்போம், இந்த எண்ணை அழையுங்கள்” என்று மாற்றும்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம். அது மாறும்வரை, கோரிக்கை திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொரு புகாரிலும் குறுஞ்செய்தி போவதற்கு முன் எங்கள் பிரிவிலிருந்து ஒருவர் வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்துவிடுகிறார்.